முன்னறை வாடகைக்கு இல்லை

காய்கறிப் பையோடு தெருமுனை திரும்பிய கமா டீச்சர், தன் வீட்டு முன்னறை ஷட்டருக்கு முன்னால் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பால் அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். காதில் பேனா செருகியிருந்தான். ஒரு துண்டுச் சீட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தான்.

"யாருப்பா நீ? என்ன அளக்கிறே?"

"கூரியர் ஆபீஸ்லேருந்து வர்றேம்மா. இந்த ரூமை வாடகைக்குப் பேசி முடிச்சாச்சு. உங்க பையன் போன்ல சரின்னுட்டார். அடுத்த மாசம் வந்துருவோம்."

"எங்கே வருவீங்க?"

"இங்கேதாம்மா."

"வீட்டுக்காரி என்னைக் கேட்டீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அளந்துட்டு வான்னாங்க, வந்தேன்."

"உள்பக்கமும் அளக்கணுமா?"

"அளந்தா நல்லது."

டீச்சர் ஷட்டரைத் தூக்கிவிட்டார். நீளம், அகலம், உயரம், மேற்குச் சன்னல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது வரை அவனை அளக்க வைத்தார். முடிந்ததும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, எண்களைத் தன் சிட்டையில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப உபகாரம்ப்பா. எனக்கே அளக்கணும்னு இருந்துச்சு, குனிய முடியலை. உங்க ஆபீஸ்ல சொல்லிடு, ரூம் வாடகைக்கு இல்லை."

அவன் டேப்பைச் சுருட்டக்கூட மறந்து நின்றான்.

கமா டீச்சர் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். நோட்டில் காற்புள்ளி விட்டுப்போன இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "இங்கே மூச்சு விடு" என்று எழுதுவார். பிள்ளைகள் வளர்ந்து பெற்றவர்களாகி, அவர்களின் பிள்ளைகளும் அவரிடமே படித்து, ஓய்வுபெற்ற பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடைக்காரரும் 'கமா டீச்சர்' என்பார், தபால்காரரும் அப்படியே. கணவர் அந்த முன்னறையில்தான் எழுதுபொருள் கடை வைத்திருந்தார். அவர் போய் நான்கு வருஷமாகிறது. கடைச் சாமான்களை விற்றுத் தீர்த்த பின் அறை சும்மா கிடந்தது. ஒரே மகன் கட்டுமானப் பொறியாளன், ரயிலில் ஒரு பகல் தூரத்தில் குடும்பத்தோடு இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்வான், ஒவ்வொரு தடவையும் "எங்களோட வந்துரும்மா" என்பதில்தான் முடிப்பான்.

அன்று மதியமும் போன் வந்தது. கூரியர்காரர்கள் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"என்னம்மா, ஆளைத் திருப்பி அனுப்பிட்டியாமே? நல்ல பார்ட்டிம்மா. சும்மா கிடக்கிற ரூம். நாலு பேர் வந்து போற மாதிரி இருந்தா உனக்கும் துணையாச்சேன்னுதான்..."

"நாலு பேர் வரத்தான் போறாங்க."

"யாரு?"

"கடிதாசி போடறேன், படிச்சுக்கோ."

"போன்லயே சொல்லேம்மா!"

"போன்ல நீ பேசுவே, நான் கேப்பேன். இது நான் பேசவேண்டிய விஷயம்."

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தார். முதல் தாளில், 'உனக்கு ஆட்சேபம் இல்லையென்றால்' என்று ஆரம்பித்தார். அந்த வரியைப் படித்துப் பார்த்தபோது, விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளில் எழுதியது இது:

'அன்புள்ள மகனுக்கு, முன்னறையில் ஒரு படிப்பகம் திறக்கப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்க எழுதவில்லை. நீ யோசித்து வைத்திருக்கும் கேள்விகள் எனக்குத் தெரியும் என்பதால், அவற்றுக்குப் பதில் சொல்லி வைக்கிறேன்.

இந்த எண்ணம் நேற்று வந்ததில்லை. போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், நினைவிருக்கிறதா? நூலக பீரோவைத் திறக்கிறோம், என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த பீரோவின் சாவி தலைமையாசிரியர் மேசையில்தான் இருந்தது. ஒரு புத்தகம் காணாமல் போனால் பொறுப்பாளர் பதில் சொல்லவேண்டும், அதனால் ஒருவர் மாறி ஒருவர் பூட்டியே வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் புத்தக முதுகெல்லாம் பளிச்சென்று வரிசையாகத் தெரியும். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பெயர்களைப் படிப்பார்கள். அன்றைக்குத் திறந்து ஒன்றை உருவினேன். கையில் முதுகு மட்டும் வந்தது. சுவர்ப்பக்கமாகக் கரையான் ஏறி, உள்ளே தாளே இல்லை, மண்தான் இருந்தது. எல்லாப் புத்தகமும் அப்படி. கணக்குப்படி ஒன்றுகூடத் தொலையவில்லை. நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவெடுத்துவிட்டேன். தொலைந்து போகிற புத்தகங்கள் உள்ள ஓர் இடம் இந்தத் தெருவுக்கு வேண்டும்.'

இங்கே டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு, எழுந்து போய் முன்னறையை இன்னொரு தடவை பார்த்து வந்தார். பொறியாளனுக்கு எழுதுகிற கடிதம். வெறும் உணர்ச்சியில் எழுதினால், 'சரிம்மா, பார்க்கலாம்' என்று தட்டிக் கழித்துவிடுவான். அவனுக்குப் புரிகிற பாஷையில் எழுதவேண்டும்.

'அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி வைக்கமாட்டேன். பின்னால் கை நுழைகிற அளவு இடைவெளி விட்டால்தான் காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும். பின்பக்கம் பலகை அடைக்காமல் திறந்தே இருக்கும். தாங்கும் பலகை மூன்றடிக்குள் முடிந்து அங்கே ஒரு குத்துப்பலகை வரும், இல்லாவிட்டால் புத்தகப் பாரத்தில் நடுவில் தொங்கிவிடும். இதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அடித்தட்டு தரையிலிருந்து அரையடி மேலே, துடைப்பம் போகவேண்டும். மேல்தட்டு என் கை எட்டும் உயரத்தோடு சரி. ஏணி வைத்தால் நான் ஏறுவேன், நான் ஏறினால் நீ கத்துவாய்.

மேற்குச் சன்னல் வெயில் விழும் சுவரில் புத்தகம் கிடையாது. வெயில் அட்டையை வெளுத்து, தாளை மொறுமொறுப்பாக்கிவிடும். அங்கே மேசையும் பெஞ்சும் போடுவேன். பூட்டு என்பது ராத்திரிக்கு ஷட்டருக்கு மட்டும். அலமாரிக்குக் கதவே இல்லை.

சந்தா கிடையாது. முன்பணம் கிடையாது. அபராதமும் கிடையாது. பெயரும் வீடும் சொன்னால் ஒரு அட்டை. திருடுபோனால் என்ன செய்வாய் என்று கேட்பாய். படிக்கத்தானே எடுத்துப் போனான் என்று நினைத்துக்கொள்வேன். இந்த அறையை ஒரு வருஷம் நான் நடத்துகிறேன். அதற்குப் பிறகும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தால் நானே உன் கூரியர்காரரைக் கூப்பிடுகிறேன். மருமகளுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. அம்மா.'

பின்குறிப்பாக ஒன்று சேர்த்தார்: 'எனக்கு நீங்களெல்லாம் இருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தைரியம்.'

கடிதம் தபாலில் போனது. தச்சரும் வந்தார். டீச்சர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பின்பலகை வேண்டாம், கதவு வேண்டாம், பூட்டு வேண்டாம். அலமாரியாவது வேணுமா டீச்சர்?" என்றார்.

அடுத்தது புத்தகம். வீட்டில் இருந்ததும், சேமிப்பில் வாங்கியதும் போக, தெருவில் சொல்லி வைத்தார். சொன்னதுதான் தாமதம், குவிய ஆரம்பித்தது. வீட்டை ஒழிக்க ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம் எல்லாருக்கும். பாதி எழுதித் தீர்த்த பயிற்சிப் புத்தகம், எப்போதோ நடந்து முடிந்த தேர்வுக்கான வழிகாட்டி, அட்டை போன வாரப் பத்திரிகை, குளிர்சாதனப் பெட்டியை இயக்கும் கையேடு. எதிர்வீட்டுப் பழைய வங்கி மேனேஜர் ஆள் வைத்து நான்கு சாக்கு மூட்டை இறக்கினார். மூட்டையோடு ஒரு யோசனையும் இறக்கினார்.

"வாசல்ல ஒரு சின்ன போர்டு டீச்சர். நன்கொடையாளர்னு. என் பேர் மட்டும் போதும்."

"முதல்ல பிரிச்சுப் பார்த்துடறேன் சார்."

புத்தகங்களை உடனே உள்ளே கொண்டுபோகவில்லை. பின்கட்டு நிழலில் பழைய புடவையை விரித்துப் பரப்பினார். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் தட்டி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் முதுகையும் ஓரங்களையும் துடைத்தார். பூஞ்சை வாடை அடித்தவற்றைத் தனியாக ஒதுக்கினார். ஒரு பூஞ்சைப் புத்தகம் ஒரு தட்டையே கெடுத்துவிடும். மேனேஜரின் மூட்டையில் காலாவதியான சட்டப் புத்தகங்களும், மாத்திரை அளவெல்லாம் போட்ட அரதப்பழசான மருத்துவ நூல்களும், வங்கி ஆண்டறிக்கைகளுமே மிகுதி. தேறியவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின.

மிச்சத்தைத் திரும்ப மூட்டை கட்டி, அவர் வீட்டு வாசலில் இறக்கச் சொன்னார். மேனேஜர் செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்தார்.

"தானம் கொடுத்ததைத் திருப்பி அனுப்புவாங்களா டீச்சர்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"உங்க மருத்துவப் புத்தகத்தைப் படிச்சுட்டு யாராவது பழைய மருந்தைத் தின்னா, அப்ப நினைப்பாங்க சார். பழைய சட்டத்தை நம்பி ஒருத்தன் வழக்குப் போட்டா, அப்பவும் நினைப்பாங்க. இல்லாத புத்தகத்தைவிடத் தப்பான புத்தகம் மோசம்."

"அப்போ போர்டு?"

"போர்டு இருக்கே. உள்ளே வாங்க, உட்காருங்க, படிங்கன்னு எழுதப்போறேன். அதுல உங்களையும் சேர்த்துத்தான் கூப்பிடறேன்."

மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பின் பல நாள் எதிர்வீட்டுச் சன்னல் சாத்தியே இருந்தது. டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் மூட்டையைத் திரும்ப வாங்கவில்லை.

தேறிய புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பெரிய பதிவேட்டில் ஒரு வரிசை எண். அதே எண் முன்தாளின் பின்புறம். இன்னொரு தடவை, எல்லாப் புத்தகத்திலும் ஒரே குறிப்பிட்ட பக்கத்தில் ஓரமாக. முன்தாள் கிழிந்து போனாலும் உள்ளே இருக்கும் எண் காட்டிக்கொடுக்கும். பின்னட்டையின் உட்புறம் தாளில் மடித்து ஒட்டிய சின்னப் பை, அந்தப் பைக்குள் புத்தகத்தின் பெயர் எழுதிய அட்டை. யாராவது எடுத்துப் போனால், அந்த அட்டையில் அவர் பெயரை எழுதி, திருப்பித் தரவேண்டிய தேதி வாரியாக ஒரு மரத்தட்டில் நிறுத்திவைக்க வேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை பைக்குள் போய்விடும். தட்டைப் பார்த்தால் எது எவரிடம் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பொருள்வாரியாக அடுக்க, பெரிய நூலகங்களில் செய்கிற எண் முறையைத்தான் முதலில் முயன்றார். முதுகில் எண் ஒட்டி முடித்த அன்று, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த சாக்கில் எட்டிப் பார்த்த தையல்காரி, அலமாரி முன்னால் நின்று முழித்தார்.

"என்ன டீச்சர், எல்லாம் பஸ் நம்பர் மாதிரி இருக்கு? கதை எந்த பஸ்ல வரும்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாளே எண்களை உரித்துவிட்டு, கதைக்குச் சிவப்பு, வரலாற்றுக்கு மஞ்சள், உடம்புக்கும் சமையலுக்கும் பச்சை, பிள்ளைகளுக்கு நீலம் என்று வண்ணக் காகிதப் பட்டை ஒட்டினார். உள்ளே எழுத்தாளர் பெயர் வரிசை. அவ்வளவுதான்.

மகனின் பதில் அதற்குள் வந்து சேர்ந்தது. அதுவும் கடிதம்தான். கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலவே இருந்தது. காற்புள்ளி ஒன்றுகூட இல்லை.

'அம்மாவுக்கு. பலகைக் கணக்கு சரி. இடைவெளியும் சரி. கரையானுக்குத் தரை ஓரம் மருந்து அடிக்கச் சொல். திருட்டைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை ஆனால் போகட்டும். ஒரு கேள்விக்கு மட்டும் உன் கடிதத்தில் பதில் இல்லை. நீ படுத்துவிட்டால் யார் திறப்பார்கள்? நாங்கள் பாலம் கட்டும்போது ஒரே தூணில் எல்லாப் பாரத்தையும் வைக்கமாட்டோம். நீ வைத்திருக்கிறாய். அந்தத் தூணுக்கு முட்டிவலி வேறு.'

டீச்சருக்குச் சுருக்கென்றது. "படுக்கிற ஆளா நான்?" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னார். பதில் எழுதவில்லை.

திறந்த அன்று விழா எதுவும் இல்லை. ஷட்டரைத் தூக்கினார், நாளிதழ்களை வைத்தார், உட்கார்ந்தார். மாலை நேரம் மட்டும்தான் திறப்பது என்று வைத்திருந்தார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வருவார்கள் என்ற கணக்கு. பிள்ளைகள் வரவில்லை, எல்லாரும் டியூஷனுக்குப் போய்விட்டார்கள். வந்த இரண்டொருவரும் வீட்டுப்பாடத்தைப் பரப்பி வைத்து, "டீச்சர், இந்தக் கணக்குக்கு விடை சொல்லுங்க" என்றார்கள். மேனேஜர் வீட்டுச் சன்னல் ஒரு விரல் அளவு திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. ஒரு வாரம் இப்படியே ஓடியது. மரத்தட்டில் ஓர் அட்டையும் நிற்கவில்லை.

ஒருநாள் காலை பெருக்குவதற்காக ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். வெளியே சீருடையோடு ஒருவர் குனிந்து பார்த்தார். அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறவர்.

"பேப்பர் இருக்கா டீச்சர்? டியூட்டி முடிஞ்சு வர்றேன். டீக்கடைப் பேப்பர்ல எப்பவும் நடுப்பக்கம் இருக்காது, பஜ்ஜி மடிக்கப் போயிடும்."

"சாயந்திரம் வாங்களேன்."

"சாயந்திரம் நான் கிளம்பிடுவேனே. எனக்கு ராத்திரியே இப்பத்தான் வரும்."

அவர் போன பின்பு, துடைப்பத்தை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார் டீச்சர். பத்து மணித் தெருவை அவர் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. அந்த நேரமெல்லாம் வகுப்பறையில்தானே கழிந்தது! காலை ஷிப்ட் முடித்த பஸ் கண்டக்டர் பையைத் தோளில் போட்டபடி வீட்டுக்குப் போனார். மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை இருக்கிறதென்று தையல்காரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மழலையர் பள்ளியில் பிள்ளையை விட்ட அம்மாக்கள், திரும்ப அழைத்துப் போகும் வரை மரத்தடியில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். தெரு முழுக்க ஆள். உட்கார இடம்தான் இல்லை.

அன்றே வாசலில் நேர அட்டையை மாற்றி எழுதித் தொங்கவிட்டார்: காலை பத்து முதல் ஒன்று வரை.

அடுத்த நாள் காவல்காரர் முதல் ஆளாக வந்தார். நடுப்பக்கத்தை முதலில் எடுத்தார். கண்டக்டர் வந்து அதற்காகக் காத்திருந்தார். நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவ்வியில் மாட்டிவிட்டார் டீச்சர். ஒரே நாளிதழை நான்கு பேர் படித்தார்கள். அம்மாக்கள் முதலில் மின்விசிறிக்காக வந்தார்கள். பிறகு பச்சைப் பட்டைப் புத்தகங்களைப் புரட்டினார்கள். பிறகு சிவப்புக்குப் போனார்கள். சத்தம் போடாதீர்கள் என்று எழுதி ஒட்டவில்லை. வாசலருகே பெஞ்ச் பேசுகிறவர்களுக்கு, சன்னலருகே மேசை படிக்கிறவர்களுக்கு என்று இடத்தை மட்டும் பிரித்து வைத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே உள்ளே நகர்ந்தார்கள்.

தையல்காரிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "எனக்குப் பிள்ளைங்க புத்தகம் போதும் டீச்சர்" என்று வெட்கத்தோடு நீலப்பட்டைப் பக்கம் போனவர், ஒரு மாதத்தில் சிவப்புப் பட்டையில் தடித்த நாவல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இவ நல்லா மாட்டிக்கிட்டா டீச்சர். எப்படி வெளியே வர்றான்னு தெரியாம எனக்குத் துணி வெட்ட ஓடலை."

மரத்தட்டில் அட்டைகள் நெருங்கி நின்றன.

மழைக்காலம் ஆரம்பித்த வாரம் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு திறந்தார். இரண்டாம் நாள் ஷட்டரைத் தூக்கப் போனவருக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்து உள்ளே போய்ப் படுத்தார். அவ்வளவுதான், படிப்பகமும் படுத்துவிட்டது. வெளியே ஆட்கள் வருவதும், ஷட்டரைத் தட்டுவதும், "டீச்சர்?" என்று கூப்பிட்டுவிட்டுப் போவதும் காதில் விழுந்தது. எழுந்து பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் தையல்காரிதான் பின்வாசல் வழியாக வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். டீச்சரின் போனிலிருந்தே மகனுக்கும் சொன்னார்.

மகன் அடுத்த நாள் காலை வந்து இறங்கினான். வாசலில் மூன்று பேர் குடையோடு நின்றிருந்தார்கள்.

"டீச்சருக்கு எப்படி இருக்கு தம்பி?" என்றார் காவல்காரர்.

"இப்பத்தான் வர்றேங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். டாக்டரைக் கூப்பிட்டான். மருந்து கொடுத்தான். எல்லாம் முடிந்ததும் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டான். "கிளம்பலாம்மா. காய்ச்சல் விட்டதும் என்னோட வந்துரு. இனிமே நான் கேக்கமாட்டேன், தூக்கிட்டுத்தான் போவேன்."

"வெளியே நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க."

"மழை பெய்யுது. முதல்ல ஷட்டரைத் தூக்கு."

"அம்மா..."

"திட்டறதை அப்புறம் திட்டு. அவங்க நனையறாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் தூக்கினான். ஆட்கள் உள்ளே வந்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தான். முடியவில்லை. மழலையர் பள்ளி அம்மா ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அட்டை எந்தத் தேதியில் நிற்கிறது என்று தட்டையே கலைத்துப் போட்டான். தையல்காரி வந்து அவன் கையிலிருந்து வாங்கி, "இப்படி வைங்க தம்பி, தேதி முன்னால தெரியணும்" என்று நிமிர்த்தி வைத்தார். கண்டக்டர் நாளிதழைப் பிரிக்கச் சொன்னார். பிரித்ததில் பக்கம் மாறிப்போனது. உள்ளறையிலிருந்து சுவர் வழியாக டீச்சரின் கம்மிய குரல் வந்தது: "கவ்வி மேசை இழுப்பறையில இருக்கு!"

மறுநாளும் அவன்தான் திறந்தான். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது. கூந்தலைக் கோதி முடிந்துகொண்டு டீச்சர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மகன் காபியோடு வந்தான்.

"நீ எழுதினது சரிடா" என்றார் முதலில். "ஒரே தூண். படுக்கமாட்டேன்னு நினைச்சேன். பீரோச் சாவியை மேசையில வெச்சவரைப் பத்தி உனக்குப் பக்கம் பக்கமா எழுதிட்டு, சாவியை நான் மட்டும் இடுப்புல சொருகிட்டிருந்தேன்."

அவன் காபியை ஆற்றினான்.

"ஆனா உன்னோட வரமாட்டேன்."

"தெரியும்" என்றான். "ரெண்டு நாள் அங்கே உட்கார்ந்தேன்ல? அந்த வாட்ச்மேன் என்கிட்ட, நடுப்பக்கம் முடிஞ்சா கொடுங்க தம்பின்னு அதட்டறார். எனக்கே எழுந்து வர மனசில்லை." காபியை அவர் கையில் கொடுத்தான். "எனக்கு உன்னைப் பத்தித்தாம்மா பயம். போன் எடுக்கலைன்னா என்ன ஆச்சோன்னு இருக்கும். வாடகையா எனக்கு முக்கியம்?"

"அதை நீ ஒருநாளும் சொல்லலையே. எங்களோட வந்துருன்னு மட்டும்தானே சொல்லுவே."

"அதுக்கு அதுதான் அர்த்தம்."

"அப்படின்னா அதை எழுத வேண்டியதுதானே!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு இருமலும் சேர்ந்து வந்தது.

அன்று மதியம் படிப்பகத்தை மூடும் நேரத்தில் டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இருந்தவர்களிடம் நேரடியாகவே கேட்டார்.

"எனக்கு இதைத் தனியா நடத்த முடியாது. முடியும்னு நினைச்சேன், முடியலை. இன்னும் ரெண்டு சாவி செய்யச் சொல்லியிருக்கேன். யார் வாங்கிக்கிறீங்க?"

சாவி என்றால் பொறுப்பு. கண்டக்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "புதன்கிழமை எனக்கு வார லீவு. அன்னைக்கு நான் திறக்கறேன். ஆனா பதிவேடெல்லாம் எழுதினா என் கையெழுத்து..."

"டிக்கெட் கிழிக்கிற கைதானே, அட்டை எடுத்து வைக்க வராதா?" என்றார் தையல்காரி. "வெள்ளிக்கிழமையை எனக்குக் கொடுங்க டீச்சர். கிழிஞ்ச புத்தகத்தையும் தைக்கிறேன். அதுக்கு ஊசி வேற மாதிரி இருக்கணும், பரவாயில்லை, இருக்கு."

வாசலில் யாரோ நின்று கனைத்தார்கள். எதிர்வீட்டு மேனேஜர். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். உள்ளே வந்து அலமாரிகளை ஒருமுறை பார்த்தார். தன் மூட்டையிலிருந்து தேறிய சிலவற்றை மஞ்சள் பட்டையில் அடையாளம் கண்டுகொண்டு, ஒன்றை உருவினார். தட்டில் நின்ற அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசியில இதெல்லாம் சரிபார்க்கணுமே டீச்சர், யார் பார்க்கறாங்க?" என்றார்.

"யாரும் பார்க்கலை சார்."

"அது தப்பு. எது வெளியே இருக்கு, எது திரும்பலைன்னு ஒரு தடவை பார்க்கவேண்டாமா? நான் பார்க்கறேன்." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "போர்டெல்லாம் வேண்டாம்" என்றார்.

மகன் அன்று மாலை ரயிலுக்குக் கிளம்பினான். கிளம்புவதற்கு முன்னால் தரை ஓரங்களைக் குனிந்து பார்த்தான், அலமாரிப் பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். "தச்சர் நல்லாத்தான் செஞ்சிருக்கார். இருந்தாலும் கூரியர்காரன் நல்ல வாடகை கொடுத்திருப்பான்" என்றான்.

"கொடுத்திருப்பான், ஆமா" என்றார் டீச்சர்.

தினமும் காலையில் ஒருமுறை போன் செய்யவேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனான். அதை அவர் இன்றுவரை காப்பாற்றுகிறார். ஒரு வருஷக் கெடு எப்போது வந்தது, எப்போது போனது என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. சில புத்தகங்கள் திரும்பவில்லை. மேனேஜர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவற்றின் பெயரைப் படித்துப் பெருமூச்சு விடுவார், டீச்சர் விடுவதில்லை.

புதன்கிழமைகளில் அவருக்கு வேலை கிடையாது. முதல் சில புதன்கள் உள்ளறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு, எது தப்பாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் தப்பாகவில்லை, அல்லது தப்பானதை அவர்களே சரிசெய்துகொண்டார்கள். பிறகொரு புதன்கிழமை, தலையை வாரி, நல்ல புடவை உடுத்திக்கொண்டு, வீட்டு வழியாகப் போகாமல் தெருவுக்கு வந்து முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். நெடுநாளாகப் படிக்கவேண்டும் என்று வைத்திருந்த பயணக்கதை ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

கண்டக்டர் மரத்தட்டைப் பார்த்தார். "அது வெளியே போயிருக்கு டீச்சர். அடுத்த வாரம்தான் வரும். உங்க பேரை எழுதி வைக்கட்டுமா?"

"எழுதி வைங்க" என்றார் டீச்சர். அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு, சன்னலோர மேசையில் காவல்காரருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.